வலது மூலையில் ஒரு புள்ளி

சின்ன ஊர் ஒன்றில் தியேட்டரை மூடுகிறார்கள். கடைசி இரவுக் காட்சியை ஓட்டப்போகிறவர் நாற்பது வருடமாக அங்கேயே இருந்த ஆபரேட்டர். இந்தக் கரு கதை எழுதுகிறவர்களையும் படம் எடுக்கிறவர்களையும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. டெக்சாஸின் சிற்றூர்த் தியேட்டர் ஒன்று மூடுவதை வைத்து 1971-ல் பீட்டர் போக்டனோவிச் 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' எடுத்தார். 1988-ல் வந்த 'சினிமா பாரடைசோ'வில் சிசிலியின் ஆபரேட்டர் ஒருவரும் ஒரு சிறுவனும் இருக்கிறார்கள். வசந்தபாலனின் 'வெயில்' (2006) நாயகனின் வாழ்க்கையில் பெரும்பகுதி ஒரு தியேட்டரில் கழிகிறது. பான் நளினின் குஜராத்திப் படமான 'செல்லோ ஷோ' (2021) ரீல் பெட்டிகளின் முடிவையே கதையாக்கியது.

இப்படிப்பட்ட கதைகளில் நான் தேடுவது ஒன்று உண்டு. அந்த மனிதரின் கை அன்று இரவு என்ன செய்கிறது? பழைய நினைவுகளில் அவர் மூழ்கியிருந்தார் என்று எழுதுவது சுலபம். ஆனால் ரீல் ஓடும் கேபினில் நினைவில் மூழ்க நேரம் கிடைக்காது. அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சோதனை வைக்கும் வேலை. அந்த இரவை உள்ளேயிருந்து பார்க்க ஒரு ஊரையும் ஒரு ஆபரேட்டரையும் நாமே கற்பனையாக வைத்துக்கொள்வோம். அவர் செய்யும் வேலை மட்டும் அச்சு அசலாக இருக்கட்டும்.

எந்த வருடம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பல கதைகள் சறுக்கும் இடம் இது. ஆபரேட்டருக்கு இரண்டு கடைசி இரவுகள் உண்டு. ஒன்று ரீலின் கடைசி இரவு, மற்றது தியேட்டரின் கடைசி இரவு. பெரும்பாலான ஊர்களில் இவை ஒரே நாளில் வரவில்லை. 2010-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் வேகமாக டிஜிட்டலுக்கு மாறின. படம் பெட்டியில் வருவதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ கோப்பாக வந்தது. அதைத் திறக்க ஒரு மின்னணுச் சாவியும் தனியாக வரும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தத் தியேட்டரின் எந்த இயந்திரத்தில் அந்தப் படம் ஓடலாம் என்பது அந்தச் சாவியிலேயே எழுதியிருக்கும். நேரத்தைக் குறித்து வைத்துவிட்டால் இயந்திரம் தானே விளக்கை ஏற்றும், தானே படத்தை ஓட்டும், இடைவேளையில் தானே நிறுத்தும். அதற்குப் பிறகு மூடிய தியேட்டர்களில், மூடும் நாளன்று ஆபரேட்டரின் கைக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. அவருடைய தொழிலின் கடைசி இரவு சில வருடங்களுக்கு முன்பே, யாரும் படம்பிடிக்காத ஏதோ ஒரு வியாழக்கிழமை இரண்டாம் ஆட்டத்தோடு கடந்துபோயிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை ரிலீஸுக்குப் பெட்டி வரவில்லை, அவ்வளவுதான்.

டிஜிட்டலுக்கு மாறப் பணமில்லாத சின்னத் தியேட்டர்கள் சில இருந்தன. புதுப்படம் பிரின்ட்டாக வருவது குறைந்துகொண்டே வர, அவை பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி படங்களை ஓட்டிக் காலம் தள்ளின. அங்கேதான் இரண்டு இரவும் ஒன்றாக வந்தது. நம் கதையை அப்படி ஒரு தியேட்டரில், 2013-ல் வைத்துக்கொள்வோம். உலக அளவில் பிலிம் தயாரித்த இரண்டு பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஃபியூஜி, சினிமாப் பிலிம் தயாரிப்பை நிறுத்தியதும் அந்த ஆண்டில்தான்.

மதியம் பஸ்ஸில் பெட்டி வந்து இறங்குகிறது. ஒரு எம்.ஜி.ஆர். கலர் படம், 14 ரீல். ஒரு ரீல் என்பது சுமார் 1,000 அடி. 35 எம்.எம். பிலிம் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம், நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக ஒரு ரீல் 11 நிமிடம். மொத்தப் படத்தையும் நீட்டிப் பிடித்தால் நாலே கால் கிலோமீட்டர். எடை, பிலிம் மட்டும் முப்பது கிலோவுக்கு மேல். தகர டப்பாக்களோடு சேர்த்து மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் உதவிப் பையன். தியேட்டர் கேபின்கள் மேலே இருப்பதால் ஆபரேட்டர்களுக்கு முழங்கால் வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேபினில் இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பல ஊர்களில் பார்க்கக் கிடைத்த போட்டோபோன் மெஷின்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு ரீலைச் சேர்த்து ஒட்டி ஒரு பெரிய ஸ்பூலில் சுற்றினால் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். 14 ரீல் ஏழு ஸ்பூல் ஆகிறது. ஒரு மெஷினில் ஒரு ஸ்பூல் ஓடி முடியும்போது, மற்ற மெஷினில் அடுத்த ஸ்பூல் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்க வேண்டும். ஏழு ஸ்பூலுக்கு ஆறு இணைப்பு. அதில் ஒன்று இடைவேளையில் விழும். மிச்சம் ஐந்து முறை அவர் மாற்றியாக வேண்டும். நாளைக்கு மூன்று காட்சி, வருடத்தில் 300 நாள், நாற்பது வருடம் என்று கணக்குப் போட்டால் அவர் கை 1,80,000 முறை இதைச் செய்திருக்கும். ஒழுங்காகச் செய்த ஒரு முறையைக்கூட எந்த ரசிகரும் பார்த்ததில்லை. தப்பியது மட்டுமே விசில் சத்தமாக அவருக்குத் திரும்பி வந்தது.

பெட்டியைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் பிலிமைத் தொட்டுப் பார்ப்பது. ரிவைண்டர் மேசையில் ஸ்பூலை மாட்டிக் கையால் சுற்றிக்கொண்டே, பிலிமின் இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நழுவவிடுவார். கிழிந்த ஓட்டையோ பிரிந்துவரும் ஒட்டோ இருந்தால் விரலில் சுருக்கென்று தட்டும். தட்டிய இடத்தில் நிறுத்தி, கெட்டுப்போன சட்டங்களை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு முனையின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி, பிலிம் சிமென்ட் தடவி, மறுமுனையை அதன்மேல் வைத்து அழுத்துவார். சுரண்டுவதில்தான் சூட்சுமம். பூச்சு கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் சிமென்ட் பிடிக்காது. அதிகம் சுரண்டினால் அந்த இடம் மெலிந்து ஓட்டத்தில் அறுந்துவிடும். இப்படி ஒவ்வொரு ஊரிலும் இரண்டு சட்டம், மூன்று சட்டம் என்று வெட்டுப்பட்டுத்தான் பழைய பிரின்ட்கள் குட்டையாயின. பாட்டின் நடுவே திடீரென்று நாயகி இடம் மாறி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இயக்குநர் இல்லை. எங்கோ ஒரு ஊரில் அறுந்த பிலிம்தான்.

நிறமும் போயிருக்கும். 1980-களுக்கு முந்தைய கலர் பிரின்ட்களில் இருந்த மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும். வானமும் புல்வெளியும் செத்துப்போய் படம் முழுக்க ரோஸ் நிறத்தில் மிதக்கும். இதைச் சரிசெய்ய எந்த ஆபரேட்டராலும் முடியாது. தன் கையில் இருப்பது வெளிச்சம் மட்டுமே என்பதால் அதையாவது வெள்ளையாகக் கொடுக்கப் பார்ப்பார்.

அந்த வெளிச்சம் எப்படி வருகிறது என்பது ஒரு தலைமுறைக்கே தெரியாமல் போய்விட்டது. பிற்காலத்தில் பல தியேட்டர்கள் செனான் விளக்குக்கு மாறின. நம் தியேட்டரில் கார்பன்தான். செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிராக இருக்கும். நேர்மின்சாரம் பாய்ச்சி இரண்டின் நுனியையும் ஒரு கணம் தொடவிட்டு விலக்கினால் நடுவில் கண் கூசும் ஒரு சுடர் நிற்கும். பின்னாலிருக்கும் குழியாடி அந்த ஒளியைத் திரட்டிப் பிலிம்மீது குவிக்கும். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி அகலும், வெளிச்சம் மங்கிப் பழுப்பேறும். அதனால் குச்சிகளை மெல்ல நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று மோட்டார் உண்டு. ஆனால் மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் மோட்டாரை நம்பி உட்கார முடியாது. கறுப்புக் கண்ணாடி வழியாகச் சுடரைப் பார்ப்பது, குமிழைக் கால் திருகு திருப்புவது, ஓட்டை வழியாகத் திரையைப் பார்ப்பது என்று காட்சி முழுக்கக் கண்ணும் கையும் போய் வந்துகொண்டிருக்கும். புகை போக மேலே குழாய் இருந்தாலும் மே மாத இரவில் அந்த அறை உலைதான். பனியனோடு வேலை பார்க்கும் ஆபரேட்டரைக் கதையில் எழுதினால் அது நடந்ததுதான்.

இரவு பத்து மணி. விளம்பர சிலைடுகள் முடிந்து சென்சார் சர்ட்டிபிகேட் திரையில் வந்ததும் கைதட்டுகிறார்கள். முதல் ஸ்பூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மெஷினில் அடுத்ததைக் கோக்கிறார். கோப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்பூலிலிருந்து பிலிம் ஒரே சீராக இறங்குகிறது. ஆனால் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலில் அது சீராக ஓடக் கூடாது. ஒவ்வொரு சட்டமும் அங்கே ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், பிறகு வெடுக்கென்று இழுபட்டு அடுத்தது வர வேண்டும். இழுபடும் அந்த நேரத்தில் சுழலும் இறக்கை ஒன்று ஒளியை மறைத்துக்கொள்ளும். சீரான ஓட்டமும் நின்று நின்று போகும் ஓட்டமும் ஒரே பிலிமில் நடப்பதால், ஜன்னலுக்கு மேலேயும் கீழேயும் பிலிமைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து விட வேண்டும். அதற்கு லூப் என்று பெயர். லூப் சின்னதாகப் போனால் பிலிம் கிழியும், பெரிதாக இருந்தால் எங்காவது உரசிக் கோடு விழும். கீழ் லூப்புக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. ஒரு சட்டத்துக்குரிய சத்தம் அந்தச் சட்டத்தின் பக்கத்தில் பதிவாகியிருப்பதில்லை. சுமார் 20 சட்டங்கள் தள்ளி இருக்கும். அதைப் படிக்கும் பாகம் கீழே இருப்பதே காரணம். லூப் அளவு தவறினால் உதடு ஒரு நேரத்திலும் பேச்சு ஒரு நேரத்திலும் வரும்.

ஓட ஆரம்பித்த பிறகு இதையெல்லாம் அவர் காதால் கண்டுபிடிப்பார். லூப் போய்விட்டால் கடகடவென்ற சீரான ஓசை தடதடப்பாக மாறும். திரையில் படம் துள்ளுவதைக் கீழே இருப்பவர்கள் பார்க்கும் முன்பே அவர் கை மெஷினுக்குப் போயிருக்கும்.

இருபதாவது நிமிடம் நெருங்குகிறது. மேல் ஸ்பூலில் பிலிம் மெலிந்துவிட்டது. அவர் இரண்டாவது மெஷினின் கார்பனை ஏற்றிச் சுடரை நிலைக்க விடுகிறார். ஒளியை மறைக்கும் தகடு மூடியபடியே இருக்கிறது. ஸ்பூலின் தொடக்கத்தில் எண்கள் அச்சிட்ட ஒரு துண்டு வெற்றுப் பிலிம் இருக்கும். குறிப்பிட்ட எண் ஜன்னலில் நிற்கும்படி கோத்து வைத்திருக்கிறார். மோட்டாரைப் போட்டதும் மெஷின் முழு வேகம் எடுக்கவும் அந்த எண்கள் ஓடித் தீரவும் சரியாக இருக்கும்.

இப்போது கண் திரையின் வலது மேல் மூலையில். அங்கே ஒரு சின்ன வட்டம் மின்னும். நான்கே சட்டங்களில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம். ஸ்பூல் தீர இன்னும் எட்டு நொடி இருக்கிறது என்று பொருள். மோட்டாரைப் போடுகிறார். இரண்டாவது வட்டம் மின்னும்போது மிச்சம் ஒரே நொடி. இங்கே தகடு மூட, அங்கே தகடு திறக்க, சத்தமும் மாற, மூன்றும் ஒரே இழுப்பில் நடந்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வெள்ளைத் திரை. முந்தினால் வசனத்தின் வால் அறுந்துபோகும். நாற்பது வருடத்துக்கு முந்தைய படங்களைப் பழைய தியேட்டரில் பார்த்தவர்கள் இந்தப் புள்ளியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். பிரின்ட்டில் ஏதோ தூசி என்று நினைத்திருப்பார்கள்.

பழைய பிரின்ட்டில் இதற்கும் வில்லங்கம் உண்டு. ஸ்பூலின் தலையும் வாலும்தான் அதிகம் அடிபடும் இடங்கள். வெட்டி வெட்டி ஒட்டியதில் புள்ளி இருந்த சட்டங்களே போயிருக்கும். சில ஆபரேட்டர்கள் தாங்களே ஊசியால் கீறி அடையாளம் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரே மூலையில் மூன்று ஊர்க் கீறல்கள் இருந்தால் எதை நம்புவது? அதனால் மதியம் கையால் சுற்றிப் பார்த்தபோதே ஒவ்வொரு ஸ்பூலும் எந்த வசனத்தில், எந்த அசைவில் முடிகிறது என்று ஒரு சிகரெட் அட்டையில் குறித்து வைத்திருக்கிறார். இந்தப் படத்தை இதே தியேட்டரில் பலமுறை ஓட்டியவர்தான். ஆனாலும் ஒவ்வொரு பிரின்ட்டும் வேறு வேறு இடத்தில் தேய்ந்திருக்கும் என்பதால் பழைய ஞாபகம் உதவாது.

ஐந்தாவது ஸ்பூலில் ஒரு ஒட்டு ஜன்னலில் சிக்குகிறது. பிலிம் நின்ற கணமே சுடரின் சூடு அதைத் தாக்கும். திரையில் நாயகனின் நெஞ்சில் ஒரு பழுப்பு வளையம் தோன்றிக் கொப்புளித்து விரியும். பிள்ளைகள் தீ என்று கத்துவார்கள். பழைய நைட்ரேட் பிலிமாக இருந்தால் அது உண்மையான தீதான். அணைக்கவே முடியாத அந்தத் தீயில் கேபின்கள் எரிந்திருக்கின்றன, ஆபரேட்டர்கள் செத்திருக்கிறார்கள். பழைய தியேட்டர்களில் கேபின் ஓட்டைகளுக்கு இரும்பு மூடி இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். 1950-களில் உலகம் பாதுகாப்புப் பிலிமுக்கு மாறிவிட்டது. இது கருகும், உருகும், ஆனால் தானாகப் பற்றிப் பரவாது. அவர் தகட்டை அடித்து மூடுகிறார்.

"லைட்டப் போடுறா தம்பி."

"அண்ணே, கீழே கத்துறாங்க."

"கத்தட்டும். முதல்ல அந்தப் பிளேட எடு."

கருகிய சட்டங்களை வெட்டி, அவசரத்துக்கு இரண்டு முனையையும் மேலும் கீழுமாகக் கீழ் ஸ்பூலில் சொருகி ஓட்டிவிடுகிறார். சிமென்ட் காயும் வரை ஜனம் காத்திருக்காது. ஒட்டுவது காட்சி முடிந்த பிறகு. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். கதை எழுதுகிறவர் இந்தச் சிக்கலை உணர்ச்சிக்கான தருணமாக மாற்றத் துடிப்பார் என்று எனக்குத் தெரியும். கடைசி இரவில் பிலிமே அழுதது என்றுகூட எழுதிவிடலாம். வேண்டாம். கடைசி நாளென்று கொஞ்சமும் பார்க்காமல் மற்ற நாள்களைப் போலவே அது சிக்கியது, மற்ற நாள்களைப் போலவே அவர் சரிசெய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

படம் முடியும்போது மணி பன்னிரண்டே முக்கால். கீழே முதலாளி சிலரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். கேபினில் வேலை இன்னும் முடியவில்லை. ஓடி முடிந்த பிலிமின் வால் வெளியே, தலை உள்ளே. ஏழு ஸ்பூலையும் திருப்பிச் சுற்ற வேண்டும், இரண்டிரண்டாக ஒட்டியதைப் பிரித்து 14 டப்பாவில் அடுக்க வேண்டும், ஐந்தாவது ஸ்பூலின் அறுப்பை ஒழுங்காக ஒட்ட வேண்டும். காலை பஸ்ஸில் பெட்டி விநியோகஸ்தருக்குத் திரும்பியாக வேண்டும். இந்தத் தியேட்டர் மூடினாலும் பிரின்ட் வேறு எங்காவது ஓடலாம். அங்கே பெட்டியைத் திறக்கும் ஆபரேட்டர் விரலால் ஓரத்தைத் தடவும்போது இவர் போட்ட ஒட்டு பிசிறில்லாமல் இருக்க வேண்டும். முகம் தெரியாத அந்த ஆளுக்காகப் பின்னிரவு இரண்டு மணிக்குப் பிலிமைச் சுரண்டிக்கொண்டிருக்கும் மனிதரைத்தான் நான் கதையின் உச்சத்தில் வைப்பேன்.

மெஷின்களின் கதி தெரிந்ததுதான். கட்டிடம் கல்யாண மண்டபமாகவோ குடோனாகவோ மாறும்போது புரொஜெக்டர்கள் எடைக்குப் போகும். லென்ஸை யாராவது தனியாக வாங்குவார்கள். 'செல்லோ ஷோ'வில் புரொஜெக்டர்களை உருக்கிக் கரண்டி வார்ப்பதையும், பிலிம் சுருள்களை வளையலாக்குவதையும் காட்டுகிறார்கள்.

ஆபரேட்டர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ரீல் ஓட்டிய கடைசித் தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. இந்தக் கதையை எழுத நினைக்கிறவர் அவர்களில் ஒருவரைத் தேடிப் போனால், மூடிய அன்று எப்படி இருந்தது என்று கேட்பதைவிட வேறு சில கேள்விகள் அதிகம் தரும். எந்தப் படத்தில் எந்த வசனத்தில் மெஷினை மாற்றினீர்கள்? ஒரே பெட்டியை வைத்து இரண்டு ஊரில் ஓட்டியபோது, சைக்கிளில் ரீல் வந்து சேரும் வரை ஜனத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? கார்பன் தீர்ந்துபோன நாளில் என்ன செய்தீர்கள்? நாம் முழுசாக உட்கார்ந்து பார்த்த படங்களை அவர்கள் ஒவ்வொரு ஸ்பூலின் கடைசி ஒரு நிமிடமாகத்தான் உற்றுப் பார்த்தார்கள். அதனால் ஒரு படத்தில் அவர்களுக்குக் காற்புள்ளி பிசகாமல் ஞாபகமிருப்பது பெரும்பாலும் நமக்கு நினைவே இல்லாத காட்சிகள்: யாரோ கதவைச் சாத்துகிறார், ஒரு கார் திரும்புகிறது, வேலைக்காரர் காபி கொண்டுவருகிறார். அவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.